கிரயப் பத்திரத்தின் ஒரு பத்தி: சொல்லைக் குறைத்து, உரிமையைக் குறைக்காமல் எழுதும் முறை

வீடோ மனையோ வாங்கியவர்களிடம் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டால், பெரும்பாலும் விலையும் நான்கு எல்லையும்தான் சொல்வார்கள். நடுவில் வரும் அந்த முற்றுப்புள்ளியே இல்லாத பத்தியைப் படித்ததில்லை என்பார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. அந்தப் பத்தியை எழுதியவரே கடைசியாக எப்போது முழுதாகப் படித்தார் என்பது சந்தேகம்தான். பழைய பத்திரத்தை எடுத்து, பெயரையும் தொகையையும் மாற்றி அடிப்பதுதான் நடைமுறை.

இந்தப் பத்தியைச் சுருக்கலாம். ஆனால் கதையையோ கட்டுரையையோ சுருக்குவது போல் சுருக்க முடியாது. வெட்டத் தகுந்ததாகத் தெரியும் சொல் வேலை செய்துகொண்டிருக்கும். கம்பீரமாக நிற்கும் சொல் ஒரு வேலையும் செய்யாமல் இருக்கும். எது எது என்று பிரித்தறிவதுதான் இதில் பாதி வேலை. வழக்கமான ஒரு பத்தியை எடுத்து, படிப்படியாகச் செய்து பார்ப்போம். இது மாதிரிக்காக நான் எழுதியது. சொற்கள் எல்லாம் இன்றும் பத்திரங்களில் புழங்குபவை.

"இதில் 1 லக்கமிட்டவராகிய எழுதிக்கொடுப்பவருக்குச் சுயார்ஜிதமாய்ப் பாத்தியப்பட்டதும், இதுநாள் வரை அவரது ஏகபோக சுவாதீன அனுபவத்தில் இருந்து வருவதுமான இதனடியிற்கண்ட தபசில் சொத்தை, 2 லக்கமிட்டவராகிய எழுதிவாங்குபவருக்கு ரூ. 32,50,000/-க்கு (ரூபாய் முப்பத்திரண்டு இலட்சத்து ஐம்பதாயிரம் மட்டும்) சுத்தக் கிரயம் பேசி முடித்து, மேற்படி கிரயத் தொகை முழுவதையும் மேற்படியார் சாட்சிகள் முன்னிலையில் ரொக்கமாய்ப் பெற்றுக்கொண்டபடியால், ஷை சொத்தை இன்று முதல் தாங்களே சர்வ சுதந்திர பாத்தியங்களுடனும், தானாதி விநிமய விக்கிரயங்களுக்கு யோக்கியமாயும், நிதி நிக்ஷேப ஜல தரு பாஷாணாதி அஷ்டபோகங்களுடனும், புத்திர பௌத்திர பாரம்பரியமாய் சூரிய சந்திரர் உள்ளவரை ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது என்றும், ஷை சொத்தின் பேரில் அடமானம், ஈடு, போக்கியம், ஜாமீன், கோர்ட் ஜப்தி, கிரய அக்ரிமெண்ட், ஜீவனாம்சம், மைனர் வியாஜ்ஜியம் முதலிய எவ்வித வில்லங்க விவகாரங்களும் இல்லையென்றும், பின்னிட்டு அப்படி ஏதும் இருப்பதாய்த் தெரியவரும் பட்சத்தில் மேற்படியாரே தமது சொந்தச் செலவிலும் பொறுப்பிலும் முன்னின்று தீர்த்துக்கொடுப்பதுடன், அதனால் ஏற்படும் நஷ்டங்களுக்குத் தமது இதர ஸ்தாவர ஜங்கம சொத்துக்களைக் கொண்டும் ஈடு செய்துகொடுக்கக் கடமைப்பட்டவர் என்றும், இதுநாள் வரையிலான வரிகளைச் செலுத்தியும், பட்டா மாறுதல் செய்துகொள்ளச் சம்மதித்தும் எழுதிக்கொடுத்த சுத்தக் கிரயப் பத்திரம்."

மூச்சு வாங்கிக்கொள்ளுங்கள். ஆரம்பிக்கலாம்.

தொடங்கும் முன் ஒரு எச்சரிக்கை. இதெல்லாம் வரைவு நிலையில் செய்யும் வேலை. கையெழுத்தான பத்திரத்தில் கை வைக்கக் கூடாது. பதிவுக்குக் கொண்டுபோகும் பத்திரத்தில் அடித்தல் திருத்தல் இருந்தால், எழுதிக்கொடுப்பவர் அந்த இடத்தில் கையொப்பமிட்டு ஒப்புக்கொள்ளாதவரை சார்பதிவாளர் ஏற்க மறுக்கலாம் என்கிறது 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம். பதிவான பிறகு தவறு தெரிந்தால் பிழைத்திருத்தல் பத்திரம் எழுதிப் பதிவு செய்ய வேண்டியிருக்கும்.

முதல் படி: வினைகளை மட்டும் பிடியுங்கள்

பத்தியை அச்செடுத்து, வினை வரும் இடங்களில் மட்டும் கோடு போடுங்கள். பெயர்ச்சொற்களையும் அலங்காரங்களையும் இப்போதைக்குப் பார்க்க வேண்டாம். நம் பத்தியில் தேறும் வினைகள் இவை: பாத்தியப்பட்டது, அனுபவத்தில் இருந்து வருவது, கிரயம் பேசி முடித்து, பெற்றுக்கொண்டபடியால், அனுபவித்துக்கொள்ள வேண்டியது, இல்லை, தீர்த்துக்கொடுப்பது, ஈடு செய்துகொடுக்கக் கடமைப்பட்டவர், வரிகளைச் செலுத்தியும், சம்மதித்தும்.

இவற்றைக் கூட்டிப் பார்த்தால் பத்தி ஏழு வேலைகளைச் செய்கிறது என்று தெரியும். விற்பவருக்குச் சொத்து எப்படி வந்தது என்று சொல்கிறது. விலையைச் சொல்லி, அது கைக்கு வந்ததற்கு ரசீதாகவும் நிற்கிறது. உரிமையை மாற்றிக் கொடுக்கிறது. வில்லங்கம் இல்லை என்று உறுதி சொல்கிறது. அந்த உறுதி பொய்த்தால் என்ன செய்ய வேண்டும் என்கிறது. வரியைப் பற்றிச் சொல்கிறது. கடைசியாகப் பட்டா மாறுதலுக்குச் சம்மதம் தருகிறது.

இந்த ஏழையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சுருக்கி முடித்த பிறகு ஏழும் இருக்க வேண்டும். எட்டாவது ஒன்று முளைத்திருக்கவும் கூடாது. இரண்டாவது தவறைத்தான் பலர் செய்கிறார்கள். உதாரணமாக, இந்தப் பத்தியில் சுவாதீனம் ஒப்படைக்கப்பட்டதாக எங்கும் நேராக எழுதவில்லை. "இன்று முதல் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது" என்பதோடு சரி. சுருக்கும்போது கை தானாக "சுவாதீனத்தை இன்று ஒப்படைத்துவிட்டார்" என்று எழுதப் பார்க்கும். ஆனால் வீட்டில் வாடகைக்காரர் இருக்கலாம். சாவி அடுத்த மாதம் கொடுப்பதாகப் பேச்சு இருக்கலாம். இதை ஓரத்தில் கேள்வியாகக் குறித்து, இரு தரப்பையும் கேட்டுத்தான் எழுத வேண்டும்.

இரண்டாம் படி: யார், எது என்பதை நேராக்குங்கள்

"மேற்படி", "ஷை" இரண்டும் பத்திரத் தமிழின் உப்பு மாதிரி, எல்லாவற்றிலும் விழுந்திருக்கும். மேற்படி என்பதற்குத் தமிழில் ௸ என்று தனிக் குறியே இருக்கிறது. எழுத்தர்கள் வாயில் அது "ஷை" ஆகிவிட்டது. கையால் எழுதிய காலத்தில் மிச்சப்பட்ட மைக்கு அது நியாயம். இன்றைக்கு அதனால் வருவது குழப்பம்தான்.

நம் பத்தியில் பணம் வாங்கும் இடத்தை மறுபடி படியுங்கள். "…எழுதிவாங்குபவருக்கு … கிரயம் பேசி முடித்து, மேற்படி கிரயத் தொகை முழுவதையும் மேற்படியார் … பெற்றுக்கொண்டபடியால்." மேற்படியார் யார்? பக்கத்தில் இருப்பவர் எழுதிவாங்குபவர். எழுத்துக்கு எழுத்து படித்தால் பணத்தை வாங்குபவரே பெற்றுக்கொண்டார் என்றாகிறது! நீதிமன்றம் அப்படிப் படிக்காது, சூழலைப் பார்த்துச் சரியாகத்தான் புரிந்துகொள்ளும். ஆனால் பணம் பெற்றதற்கான ஒரே ரசீது இந்த வரி. அதில் இந்தத் தடுமாற்றம் எதற்கு? அடுத்த வரியிலேயே "தாங்களே அனுபவித்துக்கொள்ள" என்று வாங்குபவரை முன்னிலையில் கூப்பிடுகிறது. கொஞ்ச தூரம் போனதும் "மேற்படியாரே தீர்த்துக்கொடுப்பதுடன்" என்று வருகிறது. இங்கே மேற்படியார் விற்பவராகிவிட்டார்.

எழுதிக்கொடுப்பவர், எழுதிவாங்குபவர் என்ற ஜோடியையும் நான் விட்டுவிடச் சொல்வேன். இரண்டும் ஒரே மாதிரி தொடங்குவதால் அவசரத்தில் தட்டச்சு செய்யும்போது மாறிப்போகும். பிழை பார்ப்பவர் கண்ணிலும் படாது. விற்பவர், வாங்குபவர் என்றால் தொடக்கமே வேறு. பத்திரத்தின் முதல் பக்கத்தில், பெயர் முகவரி எழுதும் இடத்திலேயே "இவர் இனி விற்பவர் எனப்படுவார்; இச்சொல் அவருடைய வாரிசுகளையும் குறிக்கும்" என்று ஒருமுறை எழுதிவிட்டால் போதும். வாங்குபவருக்கு எழுதும்போது வாரிசுகளோடு, அவரிடமிருந்து பின்னால் வாங்குபவர்களையும் சேர்த்துவிடுங்கள். சொத்து கை மாறிய பிறகு பழைய வில்லங்கம் தலைகாட்டினால், அப்போதைய உரிமையாளர் இந்தப் பத்திரத்தைப் பிடித்துக்கொள்ள அது உதவும். அதே போல "இதனடியிற்கண்ட தபசில் சொத்து" என்பது "இந்தச் சொத்து" ஆகும். இனி பத்தி முழுக்க இந்த மூன்றே பெயர்கள்தான். ஒரு இடத்தில் வீடு, இன்னொரு இடத்தில் மனை என்று அழகுக்காக மாற்றக் கூடாது. சொல் மாறினால் பொருளும் மாறியதாக வாதிட எதிர்த் தரப்புக்கு இடம் கிடைக்கும்.

மூன்றாம் படி: சட்டமே பார்த்துக்கொள்ளும் அலங்காரங்கள்

சர்வ சுதந்திர பாத்தியம், தானாதி விநிமய விக்கிரயம், அஷ்டபோகம், புத்திர பௌத்திர பாரம்பரியம், சூரிய சந்திரர் உள்ளவரை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கல்வெட்டுகளில் கோயிலுக்கு நிலம் விட்டவர்கள் "சந்திராதித்தவல்" என்று பொறித்ததன் நிழல் இது. ஒரு காலத்தில் இவற்றுக்கு வேலையும் இருந்தது. நிலம் கொடுத்தவர், வாங்கியவரின் ஆயுளுக்கு மட்டும் கொடுத்தாரா, பிள்ளை பேரனுக்கும் போகும்படி கொடுத்தாரா என்ற வழக்குகளில் "புத்திர பௌத்திர" என்ற சொல் இருக்கிறதா என்று நீதிமன்றங்கள் தேடின.

1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தின் 8-ஆம் பிரிவு இந்த வேலையை எடுத்துக்கொண்டது. வேறு நோக்கம் சொல்லப்படாமலும், அவசியமாகத் தெரியவராமலும் இருந்தால், மாற்றிக் கொடுப்பவரால் அப்போது கொடுக்கக்கூடிய உரிமை முழுவதும் உடனே மாறிவிடும் என்பது அதன் சாரம். நிலத்தோடு ஒட்டிய வழியுரிமை போன்றவையும், மண்ணோடு இணைந்தவையும் கூடவே போகும். வீடு என்றால் பூட்டு, சாவி, கதவு, ஜன்னல் வரை அந்தப் பிரிவு பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. ஆகவே "இந்தச் சொத்தில் விற்பவருக்கு உள்ள உரிமை முழுவதும் இன்று முதல் வாங்குபவரைச் சேரும்" என்ற ஒரு வரி, மேலே உள்ள ஐந்து அலங்காரங்களின் வேலையையும் செய்துவிடும். விற்க, தானம் செய்ய, பிள்ளைக்கு விட்டுச்செல்ல உள்ள உரிமை எல்லாம் முழு உரிமைக்குள் அடக்கம்.

அஷ்டபோகத்தில் முதலில் வரும் நிதி, நிக்ஷேபம் என்பது புதையல். பத்திரத்தில் எழுதியதால் புதையல் வாங்கியவருக்குச் சேர்ந்துவிடாது. 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். ஆக இந்த இரண்டு சொல்லும் போனால் நஷ்டம் இல்லை.

ஆனால் ஜலம், தரு இரண்டையும் அடிக்கும் முன் கொஞ்சம் நில்லுங்கள். பொதுச் சொல்லாக அவை தேவையில்லை, சரி. இடத்தில் பொதுக் கிணறு இருந்து, அதில் விற்பவருக்கு மூன்றில் ஒரு பங்கும், முறைவைத்துத் தண்ணீர் இறைக்கும் உரிமையும் இருந்தால்? அந்தக் கிணறு பக்கத்து சர்வே எண்ணில் இருந்தால்? அது தனிச் சொத்துப் பங்கு. விற்கும் மனைக்குள் தானாக அடங்கிவிடும் என்று நம்பிக்கொண்டிருக்கக் கூடாது. "மாமூல் வழிநடை, வண்டிப் பாதை" என்று வரும் தொடரும் இப்படித்தான். பார்க்க வெற்றுச் சொல் போல இருக்கும். பின் மனைக்குப் போக அதுதான் ஒரே வழியாக இருக்கும். இவற்றைப் பத்தியிலிருந்து எடுத்து, சொத்து விவரப் பட்டியலான தபசிலில் அகலம், திசை, சர்வே எண்ணோடு எழுதுங்கள். சொல் கூடத்தான் கூடும். கூடட்டும்.

"சுத்தக் கிரயம்" என்பதில் "சுத்த" போகலாம். திருப்பிக் கொடுக்கும் நிபந்தனையோடு விற்பது ஒருவகை அடமானமாகக் கருதப்பட, அந்த நிபந்தனை அதே பத்திரத்தில் இருந்தாக வேண்டும் என்று அதே சட்டத்தின் 58-ஆம் பிரிவு சொல்கிறது. அப்படி நிபந்தனை எதுவும் இந்தப் பத்திரத்தில் இல்லாதபோது கிரயம் சுத்தமானதுதான்.

"சுயார்ஜிதம்" மட்டும் இருக்கட்டும். இதைத் தமிழாக்குகிறேன் என்று "சொந்தமாகச் சம்பாதித்த" என்று எழுதினால் பொருள் சுருங்கும். உயில் மூலமோ தானமாகவோ ஒருவருக்குத் தனிப்பட வந்த சொத்தையும் பத்திரங்களில் இந்தச் சொல்லால் குறிப்பது உண்டு. அதில் சம்பாத்தியம் எங்கே? மேலும் இது பூர்வீகச் சொத்து அல்ல, பிள்ளைகளுக்குப் பிறப்பால் இதில் பங்கு இல்லை என்பதைச் சொல்லும் சொல். நேர்ச் சமானம் கிடைக்காத சட்டச் சொல்லை அப்படியே வைத்துவிடுவதுதான் நல்லது. வேண்டுமானால் பக்கத்தில் மூலப் பத்திரத்தின் எண்ணையும் ஆண்டையும் சேருங்கள். அது எந்த விளக்கத்தையும் விடப் பயன்படும்.

ரொக்கம் பற்றியும் ஒரு வார்த்தை. "ரொக்கமாய்ப் பெற்றுக்கொண்டபடியால்" என்பது பழைய பத்திரத்திலிருந்து அப்படியே ஒட்டிக்கொண்டு வரும். அசையாச் சொத்து விற்பனையில் ரூ. 20,000 அல்லது அதற்கு மேல் ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடை செய்கிறது. பணம் உண்மையில் வங்கி வழியாகத்தான் போயிருக்கும். பத்திரமோ ரொக்கம் என்கிறது. இந்தச் சொல்லை எடுத்துவிட்டு, எந்தத் தேதியில், எந்த வங்கி வரைவோலை அல்லது பரிமாற்ற எண் மூலம் என்று எழுதுங்கள். தொகையை எண்ணாலும் எழுத்தாலும் இருமுறை எழுதுவதை மட்டும் வீண் என்று நினைத்து வெட்டிவிடாதீர்கள். ஒரு பூஜ்ஜியம் தவறினால் காப்பாற்றுவது அதுதான்.

நான்காம் படி: அடுக்குச் சொற்கள்

வில்லங்கப் பட்டியல்தான் இந்தப் பத்தியில் கண்ணி வைத்த இடம். "அடமானம், ஈடு, போக்கியம், ஜாமீன், ஜப்தி…" என்று எட்டுச் சொற்கள். எல்லாம் வில்லங்கம்தானே, "எந்த வில்லங்கமும் இல்லை" என்று முடித்துவிடலாமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. வக்கீல் ஒருவரிடம் வரைவு எழுதிப் பழகிய நாட்களில், அப்படியே சுருக்கி, பெருமையாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு, "தம்பி, நாளைக்கு ஒருத்தன் கிரய அக்ரிமெண்டைத் தூக்கிக்கிட்டு வந்தா, அது வில்லங்கமா?" என்றார். "ஆமாங்கய்யா" என்றேன். "54-ஆம் பிரிவைப் படிச்சிட்டு வா" என்று தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

போய்ப் படித்தேன். கிரய ஒப்பந்தம் தன்னளவில் அந்தச் சொத்தின் மீது எந்த உரிமையையும் பொறுப்பையும் உண்டாக்காது என்கிறது சொத்து மாற்றுச் சட்டத்தின் 54-ஆம் பிரிவு. அதாவது, விற்பவர் ஏற்கெனவே வேறொருவரிடம் அட்வான்ஸ் வாங்கி ஒப்பந்தம் போட்டிருந்தால், அது வில்லங்கமே அல்ல, ஆகவே என் உறுதி பொய்க்கவில்லை என்று அவர் வாதாட இடம் இருக்கிறது. ஆனால் ஒப்பந்தம் போட்டவர் வழக்குப் போட்டால், அலைக்கழிவது வாங்கியவர். எட்டுச் சொல்லில் அந்த ஒரு சொல்தான் இந்த ஓட்டையை அடைத்துக்கொண்டிருந்தது.

ஆகவே ஒவ்வொரு சொல்லையும் தனியாக எடுத்துக் கேளுங்கள்: இது இல்லாவிட்டால் எந்த நிலைமை வெளியே விழும்? வெளியே எதுவும் விழவில்லை என்றால் மட்டும் வெட்டுங்கள்.

அடமானம், ஈடு: இங்கே இரண்டும் ஒன்றுதான். ஒன்று போதும். போக்கியமும் சட்டப்படி ஒருவகை அடமானமே. கண்டிப்பாகப் பார்த்தால் அதையும் விடலாம். நான் விடமாட்டேன். ஊரில் வீட்டைப் போக்கியத்துக்கு விட்டவர், "அடமானம் எதுவும் வைக்கலைங்க, போக்கியத்துக்குத்தான் விட்டிருக்கேன்" என்று உண்மையாகவே நம்பிச் சொல்வார். படித்துக் காட்டும்போது அந்தச் சொல் காதில் விழுந்தால்தான் அவருக்கு உறைக்கும்.

ஜாமீன் வேறு: இன்னொருவர் கடனுக்கோ வழக்குக்கோ இந்தச் சொத்தைப் பிணையாகக் காட்டியிருப்பது. ஜப்தி வேறு: அது விற்பவர் செய்த காரியமே அல்ல, நீதிமன்றம் செய்தது. ஜப்தியான பிறகு விற்றால், ஜப்தி செய்வித்தவரின் கோரிக்கைக்கு எதிராக அந்த விற்பனை நிற்காது. ஜீவனாம்சம் வேறு: சொத்தின் வருமானத்திலிருந்து பராமரிப்புப் பெறும் உரிமை மனைவிக்கோ பெற்றோருக்கோ இருந்து, அது தெரிந்தே வாங்கினால் வாங்கியவரையும் அது தொடரும். மைனர் வியாஜ்ஜியம் வேறு: இந்து மைனருக்குத் தனியாகச் சொந்தமான சொத்தை நீதிமன்ற அனுமதி இல்லாமல் தகப்பனார் விற்றிருந்தால், அந்த விற்பனையை மைனர் தரப்பு ரத்து செய்யக் கோரலாம். எட்டில் ஆகக் கழிந்தது ஒன்றே ஒன்று. நிலுவையில் உள்ள வழக்கு என்று தனியாக இல்லை. "விவகாரங்கள்" என்ற மங்கலான சொல்தான் அதைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. அதை "வழக்கு, உரிமைக் கோரிக்கை" என்று தெளிவாக்கலாம்.

பட்டியலின் வாலையும் கவனியுங்கள். "முதலிய" என்ற சொல் வந்தால், பட்டியலில் உள்ளவற்றின் இனத்தைச் சேர்ந்தவை மட்டுமே அதில் அடங்கும் என்று வாதிடுவது வழக்கம். மூன்று கடன்களை மட்டும் வைத்துவிட்டு "முதலிய" என்று முடித்தால், கடன் அல்லாத ஜீவனாம்சம் வெளியே போய்விடலாம். "உட்பட எந்த…" என்று எழுதினால் பட்டியல் உதாரணம்தான், எல்லை அல்ல என்பது தெளிவாகும்.

ஐந்தாம் படி: வாக்கியத்தை உடைக்கும்போது நிபந்தனை உதிராமல்

தமிழில் எச்சங்களைக் கோத்துக்கொண்டே போகலாம். ஒரு வினைமுற்றில் எல்லாம் முடியும். அந்த வசதிதான் இந்தப் பத்தியை இவ்வளவு நீளமாக்கியது. உடைக்கும்போது இரண்டு இடத்தில் கால் வழுக்கும்.

ஒன்று, நிபந்தனை. "அப்படி ஏதும் இருப்பதாய்த் தெரியவரும் பட்சத்தில்" என்பது தீர்த்துக்கொடுப்பதையும் ஆள்கிறது, ஈடு செய்வதையும் ஆள்கிறது. அதை இப்படி உடைத்தால் என்ன ஆகிறது பாருங்கள்: "வில்லங்கம் தெரியவந்தால், விற்பவர் தம் செலவில் அதைத் தீர்த்துக் கொடுக்க வேண்டும். வாங்குபவருக்கு ஏற்படும் நஷ்டத்தை விற்பவர் ஈடுசெய்ய வேண்டும்." படிக்கச் சுகமாக இருக்கிறது. ஆனால் இரண்டாவது வாக்கியம் நிபந்தனையிலிருந்து கழன்றுவிட்டது. எந்த நஷ்டம்? சுவர் இடிந்தாலுமா? எனவே ஒரு நிபந்தனைக்குக் கீழ் இரண்டு கடமை இருந்தால், ஒரே வாக்கியத்தில் (அ), (ஆ) என்று பிரித்து வைக்க வேண்டும்.

இன்னொன்று, எச்ச வினையின் காலம். "வரிகளைச் செலுத்தியும்" என்பது செலுத்திவிட்டார் என்பதா, செலுத்துவார் என்பதா? மூலத்தில் எப்படியும் படிக்கலாம். வினைமுற்றாக்கும்போது ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், விற்பனைத் தேதி வரை சேர்ந்த அரசு வரிகளை விற்பவர் கட்ட வேண்டும் என்பது 55-ஆம் பிரிவு. வரி ரசீதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு "செலுத்திவிட்டார்" என்று எழுதுங்கள். ரசீது இல்லையென்றால், பாக்கி இருந்தால் விற்பவரே கட்ட வேண்டும் என்று எழுதுங்கள். ஊகித்து எழுதக் கூடாது.

"இதர ஸ்தாவர ஜங்கம சொத்துக்களைக் கொண்டும்" என்பதையும் இங்கேயே பார்த்துவிடலாம். எந்தச் சொத்து என்று குறிப்பிடாத இந்தத் தொடரால் விற்பவரின் வேறு எந்தச் சொத்தின் மீதும் பொறுப்பு உண்டாகிவிடாது. ஈடு செய்யும் கடமை இருந்தாலே, தீர்ப்பு வாங்கி அவருடைய எந்தச் சொத்திலிருந்தும் வசூலிக்கலாம். வெட்டலாம். ஆனால் குறிப்பிட்ட ஒரு தோட்டத்தைச் சர்வே எண்ணோடு எழுதியிருந்தால் கதையே வேறு, அது பிணை. வெட்டினால் வாங்குபவரின் பாதுகாப்பு போய்விடும்.

ஆறாம் படி: புதிய பத்தி

இதுவரை பார்த்ததைச் சேர்த்தால் கிடைப்பது இது:

1. இந்தச் சொத்து விற்பவரின் சுயார்ஜிதம். இன்று வரை அவர் ஒருவரே இதை அனுபவித்து வருகிறார்.

2. விற்பவர் இந்தச் சொத்தை ரூ. 32,50,000-க்கு (ரூபாய் முப்பத்திரண்டு இலட்சத்து ஐம்பதாயிரம்) வாங்குபவருக்கு விற்கிறார். இந்தத் தொகை முழுவதையும் விற்பவர் வாங்குபவரிடமிருந்து சாட்சிகள் முன்னிலையில் பெற்றுக்கொண்டார். செலுத்திய விவரம் கீழே உள்ளது.

3. இந்தச் சொத்தில் விற்பவருக்கு உள்ள உரிமை முழுவதும் இன்று முதல் வாங்குபவரைச் சேரும்.

4. அடமானம், போக்கியம், ஜாமீன், நீதிமன்ற ஜப்தி, கிரய ஒப்பந்தம், ஜீவனாம்ச உரிமை, மைனர் உரிமை உட்பட எந்த வில்லங்கமோ வழக்கோ உரிமைக் கோரிக்கையோ இந்தச் சொத்தின் மீது இல்லை என்று விற்பவர் உறுதி கூறுகிறார்.

5. பத்தி 4-க்கு மாறாக ஏதேனும் இருப்பதாகத் தெரியவந்தால், விற்பவர் (அ) தம் செலவிலும் பொறுப்பிலும் அதைத் தீர்த்துக் கொடுக்க வேண்டும். (ஆ) அதனால் வாங்குபவருக்கு ஏற்படும் நஷ்டத்தை ஈடுசெய்ய வேண்டும்.

6. இன்று வரையிலான வரிகளை விற்பவர் செலுத்திவிட்டார்.

7. பட்டாவை வாங்குபவர் பெயருக்கு மாற்ற விற்பவர் சம்மதிக்கிறார்.

எல்லாவற்றையும் பிடிக்க வேண்டியிருப்பதால் நான்காவது இன்னும் நீளம்தான். அதைச் சுருக்கச் சொல்லி யாராவது கேட்டால் மறுத்துவிடுங்கள். சாட்சிகள் முன்னிலை என்பதை மூலத்தில் இருந்ததால் விட்டுவைத்திருக்கிறேன். பணம் வங்கி வழியாகப் போயிருந்தால் அது உண்மையா என்று கேட்டு, இல்லையென்றால் எடுத்துவிட வேண்டும்.

ஏழாம் படி: சோதனை

முதலில், தொடக்கத்தில் எழுதி வைத்த ஏழு வேலைகளை எடுத்து, ஒவ்வொன்றும் புதிதில் எந்த எண்ணில் இருக்கிறது என்று பக்கத்தில் குறியுங்கள். அடித்த ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே ஒரு காரணம் இருக்க வேண்டும்: இன்ன பிரிவு பார்த்துக்கொள்கிறது, இன்ன சொல்லில் அடங்குகிறது, அல்லது தபசிலுக்குப் போயிற்று. "தேவையில்லை என்று தோன்றியது" என்பது காரணம் அல்ல.

அப்புறம் சில நிலைமைகளைக் கற்பனை செய்து, பழைய பத்தியையும் புதியதையும் தனித்தனியே கேட்டுப் பாருங்கள். மூன்று வருடம் கழித்து ஒரு வங்கி அடமானத்தைக் காட்டுகிறது, யார் கட்டுவது? விற்பவர் இறந்துவிட்டார், அவர் மகன் வழக்குப் போடுகிறார். வாங்குபவர் கையில் என்ன இருக்கிறது? வாங்கியவர் சொத்தை இன்னொருவருக்கு விற்றுவிட்டார், பழைய கிரய ஒப்பந்தம் வெளியே வருகிறது; புதியவர் யாரைக் கேட்பது? இரண்டு பத்தியும் ஒரே பதிலைத் தந்தால் சரி. நம் வரைவில் மூன்றாவது கேள்விக்குப் புதிய பத்தி கூடுதலாகவே பதில் சொல்கிறது, வாங்குபவர் என்ற சொல்லை நாம் விரித்து வைத்ததால். பழையதில் அது அவ்வளவு தெளிவாக இல்லை. இது விற்பவருக்குச் சுமை; அவரிடம் சொல்லிச் சம்மதம் வாங்காமல் நுழைக்கக் கூடாது.

கடைசியாக, வீட்டில் சட்டம் தெரியாத ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லி, "வரி பாக்கி வந்தால் யார் கட்டணும்?" என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் அந்த வாக்கியத்தை மறுபடி எழுதுங்கள். கையெழுத்துக்கு முன் வரைவை வழக்கறிஞர் ஒருவர் பார்க்கட்டும். வெட்டிய சொற்களின் பட்டியலையும் காரணங்களையும் சேர்த்துக் கொடுத்தால் அவர் வேலை பாதியாகும்.

இதே முறையை வேறு வகைப் பத்திரத்துக்குக் கொண்டுபோகும்போது, வெட்டத் தகுந்த சொற்களின் பட்டியலையும் கூடவே கொண்டுபோய்விடாதீர்கள். கிரயத்தில் "இன்று முதல்" என்பதை விட்டாலும் 8-ஆம் பிரிவு காப்பாற்றும். பெற்றோர் பிள்ளைக்கு எழுதும் செட்டில்மெண்டில் அதே இரண்டு சொல்தான் பத்திரத்தின் உயிர். உரிமை இன்றே போகிறதா, எழுதியவர் காலத்துக்குப் பின் போகிறதா என்பதை வைத்துத்தான் அது செட்டில்மெண்டா உயிலா என்று நீதிமன்றம் பார்க்கிறது. உயில் என்றாகிவிட்டால், எழுதியவர் நினைத்த நேரத்தில் ரத்து செய்துவிடலாம்.